ராத்திரி 11 மணிக்கு நெஞ்சுவலி வந்தால் எங்கே ஓடுவது? சிட்லபாக்கத்துக்குப் புதிதாக வந்தவர்கள் முன்பே கேட்டு வைக்க வேண்டிய கேள்வி

சிட்லபாக்கத்தில் வாடகைக்கு வீடு பார்க்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் புரோக்கர்களுக்கு மனப்பாடம். தண்ணி உப்பா, நல்ல தண்ணியா? மழைக்குத் தெருவில் தண்ணி நிக்குமா? சானடோரியம் ஸ்டேஷனுக்கு நடந்தே போயிடலாமா? பக்கத்தில் எந்த ஸ்கூல்? கார் நிறுத்த இடம் இருக்கா? ஊரில் இருந்து வயதான அப்பா, அம்மாவையும் கூட்டி வரப்போகிறவர்கள் லிஃப்ட் பற்றியும் கேட்பார்கள். அதே அப்பாவுக்கு ராத்திரி நேரத்தில் ஒன்று என்றால் எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் புரோக்கர், 'குரோம்பேட்டை, தாம்பரம் பூரா ஆஸ்பத்திரிதான் சார்' என்பார்.

அவர் சொல்வது பொய் இல்லை. பல்லாவரத்தில் இருந்து தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு முறை போய் வந்தால் பலகைகளை எண்ணி முடியாது. சிக்கலும் இதில்தான் இருக்கிறது. இத்தனை ஆஸ்பத்திரிகளில் எது எதற்கானது என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய நேரம் அவசரம் வரும் ராத்திரி அல்ல.

கற்பனைக் குடும்பம், நடக்கக்கூடிய ராத்திரி

தென்காசிப் பக்கத்தில் இருந்து வந்து சிட்லபாக்கத்தில் குடியேறிய ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். மகனுக்கு மெப்ஸ் வளாகத்தில் வேலை. அப்பாவுக்கு 64 வயது, 12 வருடமாகச் சர்க்கரை. வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. ஊரில் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டரின் சீட்டு பெட்டிக்குள் எங்கோ இருக்கிறது. மாத்திரை தீர்ந்தால் மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்கிறார்கள். சிட்லபாக்கத்தில் இதுவரை எந்த டாக்டரையும் பார்க்கவில்லை.

ராத்திரி 11 மணி. அப்பா எழுந்து உட்கார்ந்து, 'நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்கிற மாதிரி இருக்குப்பா. வாயுதான். ஜெலுசில் இருந்தா குடு' என்கிறார். சட்டை வியர்வையில் நனைந்திருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு பல நேரம் சினிமாவில் வருவதுபோல மார்பைப் பிடித்துக்கொண்டு விழுகிற வலியாக வராது. மூச்சு வாங்கும், வியர்க்கும், வயிற்றின் மேல்பக்கம் கனக்கும், சோர்ந்து போவார்கள். நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் வலியின் எச்சரிக்கை மங்கிவிடுகிறது. வீட்டில் உள்ளவர்களும் 'வாயு' என்ற சொல்லைக் கேட்டு ஆறுதல் அடைகிறார்கள். அரை மணி நேரம் இதிலேயே போகிறது.

11.30க்கு மகன் போனில் 'பக்கத்தில் உள்ள மருத்துவமனை' என்று தேடுகிறார். கண் மருத்துவமனை, பல் கிளினிக், கருத்தரிப்பு மையம், ஏழு மணிக்கே மூடிய ஹோமியோ கிளினிக் எல்லாம் ஒரே சிவப்புப் புள்ளியாக வரிசையில் நிற்கின்றன. நட்சத்திர மதிப்பெண் அதிகம் உள்ள, ஐந்து நிமிடத் தொலைவில் உள்ள ஒரு சிறிய நர்சிங் ஹோமுக்கு அப்பாவை ஆட்டோவில் ஏற்றிப் போகிறார். அங்கே டூட்டி டாக்டர் இருக்கிறார், இசிஜி எடுக்கிறார். 'அட்டாக் மாதிரி இருக்கு சார். எங்ககிட்ட கேத் லேப் இல்ல, உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க' என்கிறார். மணி 12.10. எந்தப் பெரிய ஆஸ்பத்திரி என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அடுத்து போன இடத்தில் கேத் லேப் இருக்கிறது, ஆனால் ராத்திரியில் அதை இயக்கும் குழு வீட்டில் இருந்து வர வேண்டும். மூன்றாவது இடத்தில் அப்பா கேத் லேபுக்குள் போகும்போது மணி 2 தாண்டிவிட்டது.

இந்தக் கதையில் அப்பட்டமாகத் தப்பு செய்தவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. எல்லோரும் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். ஆனால் மூன்று மணி நேரம் போய்விட்டது.

அந்த மூன்று மணி நேரத்தில் என்ன நடக்கிறது?

மாரடைப்பின் கடுமையான வகையில், இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று ரத்தக்கட்டியால் முழுசாக அடைபட்டுவிடுகிறது. அடைப்புக்கு அந்தப் பக்கம் உள்ள தசை நிமிடத்துக்கு நிமிடம் செத்துக்கொண்டிருக்கும். செத்த தசை திரும்பி வராது. எனவே சிகிச்சை என்பது ஒரே வேலைதான்: குழாயைச் சீக்கிரம் திறக்க வேண்டும்.

திறக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கை அல்லது தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பலூனால் அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைப்பது. அதற்குத்தான் கேத் லேப் வேண்டும், அதை இயக்கும் இதயநோய் நிபுணரும் குழுவும் வேண்டும். மற்றொன்று, கட்டியைக் கரைக்கும் ஊசி. அதற்கு கேத் லேப் தேவையில்லை. இசிஜி, ஊசி மருந்து, இதயத் துடிப்பைக் கண்காணிக்கும் வசதி, அதைப் போடத் தெரிந்த டாக்டர் இருந்தால் போதும். உலக அளவில் ஏற்கப்பட்ட கணக்கு இதுதான்: நோயாளி உள்ளே வந்த 10 நிமிடத்துக்குள் இசிஜி. மாரடைப்பு என்று உறுதியானதில் இருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் ஸ்டென்ட் வழியில் குழாயைத் திறக்க முடியும் என்றால் அந்த வழி. முடியாது என்றால், காத்திருக்காமல் அங்கேயே ஊசி போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவது.

இதை வைத்துப் பார்த்தால், 'சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனதே தப்பு' என்று சொல்ல முடியாது என்பது புரியும். அந்த நர்சிங் ஹோமில் இசிஜி பத்து நிமிடத்தில் எடுக்கப்பட்டு, முதல்கட்ட மாத்திரைகள் கொடுக்கப்பட்டு, அடுத்த மருத்துவமனைக்கு டாக்டரே போன் செய்து இசிஜி படத்தையும் அனுப்பியிருந்தால், அது வழியில் கிடைத்த உதவிதான். இசிஜி எடுத்துக் கையில் கொடுத்து 'எங்காவது போங்க' என்று விட்டதுதான் நேரத்தைத் தின்றது.

தமிழ்நாட்டில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். சிறிய மருத்துவமனைகளைக் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையோடு இணைத்து, முதல் இடத்திலேயே இசிஜியும் ஊசியும், பிறகு ஆம்புலன்ஸில் பெரிய இடத்துக்கு மாற்றம் என்ற முறையில் நடந்த ஆய்வு 2017இல் 'ஜாமா கார்டியாலஜி' இதழில் வெளியானது. இந்த ஏற்பாட்டுக்கு முன், மாரடைப்பு வந்தவர்களில் ஒரு வருடத்துக்குள் இறந்தவர்கள் 100க்கு சுமார் 18 பேர். ஏற்பாட்டுக்குப் பிறகு சுமார் 14 பேர். எந்த வாசலுக்கு முதலில் போகிறோம், அங்கிருந்து எப்படி அனுப்பப்படுகிறோம் என்ற ஒழுங்கு வந்ததால் கிடைத்த வித்தியாசம் அது. 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில்கூட முதல்கட்ட மாத்திரைகள் வைக்கப்பட்டதும் இதே காரணத்துக்குத்தான்.

பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

சிட்லபாக்கம்வாசிகளுக்கு நிலவியலும் ஒரு பிரச்சினை. ஊர் ரயில் பாதைக்குக் கிழக்கே இருக்கிறது. ஜி.எஸ்.டி. சாலையும் அதையொட்டிய பெரிய மருத்துவமனைகளில் பலவும் மேற்கே. வரைபடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் என்று காட்டும் இடத்துக்குப் போக எம்.ஐ.டி. மேம்பாலமோ சுரங்கப்பாதையோ சுற்ற வேண்டும். சாயங்காலம் ஏழு மணிக்கு ஆகும் நேரம் வேறு, ராத்திரி ஒரு மணிக்கு ஆகும் நேரம் வேறு, நவம்பர் மழையில் ஆகும் நேரம் முற்றிலும் வேறு.

பெயர்களிலும் குழப்பம் உண்டு. வீட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் 'சானடோரியம் ஆஸ்பத்திரி' இருக்கிறது என்று தைரியமாக இருப்பவர்கள் பலர். 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. ரயில் நிலையத்துக்கே அதில் இருந்துதான் பெயர் வந்தது. இன்றும் அது நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனை. நெஞ்சகம் என்றால் இங்கே நுரையீரல். மாரடைப்புக்கு அது வாசல் அல்ல. அதே சாலையில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் 2005இல் திறக்கப்பட்டது; நாள்பட்ட நோய்களுக்கு வெளியூரில் இருந்தெல்லாம் அங்கே வருகிறார்கள், ராத்திரி அவசரத்துக்கான இடம் அதுவும் இல்லை. பழைய ஆட்கள் 'குரோம்பேட்டை ஜி.எச்.' என்று சொல்வார்கள். தாம்பரத்துக்கான மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் புதிய கட்டடம் 2025 ஆகஸ்ட்டில் சானடோரியம் பகுதியில் திறக்கப்பட்டது. எனவே ஆட்டோக்காரரிடம் 'ஜி.எச்.' என்று மட்டும் சொன்னால் எந்த வாசலில் இறக்கிவிடுவார் என்பது அவரவர் பழக்கத்தைப் பொறுத்தது.

அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் புரிந்துகொள்ள வேண்டும். அவசரப் பிரிவில் வந்த வரிசைப்படி பார்க்க மாட்டார்கள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிப்பார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து உள்ளவர் சிவப்பு, காத்திருக்கக்கூடியவர் பச்சை. 'நாங்கதான் முதல்ல வந்தோம், அவங்களை மட்டும் உள்ள கூட்டிட்டுப் போறீங்க' என்ற சண்டை தினமும் நடக்கும். காலில் அடிபட்டு உட்கார்ந்திருப்பவர் பச்சையில் இருப்பது அலட்சியத்தால் அல்ல. அதே நேரம், வாசலில் நிற்கும்போது 'நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு' என்று இழுக்காமல், 'நெஞ்சை அடைக்குது, வியர்க்குது, 11 மணிக்கு ஆரம்பிச்சது, சர்க்கரை இருக்கு' என்று நான்கையும் ஒரே மூச்சில் சொன்னால் எந்த நிறம் என்று முடிவெடுப்பவருக்கு வேலை சுலபமாகும்.

108ஐக் கூப்பிட்டால் என்ன நடக்கும்?

தமிழ்நாட்டில் 2008இல் இருந்து இயங்கும் 108 சேவை இலவசம். போன் எடுப்பவர் ஆம்புலன்ஸுக்குள் இருப்பவர் அல்ல, கட்டுப்பாட்டு மையத்தில் இருப்பவர். இடம், பிரச்சினை, நோயாளிக்கு நினைவு இருக்கிறதா, மூச்சு விடுகிறாரா என்று கேட்டுவிட்டு அருகில் உள்ள வண்டியை அனுப்புவார். கேள்விகள் கேட்கும்போதே பலருக்குக் கோபம் வரும். பதில் சொல்லும் நேரம் வீணாவதில்லை, எந்த வகை வண்டி வேண்டும் என்பது அதில்தான் முடிவாகிறது. வண்டியில் ஓட்டுநரோடு அவசர மருத்துவ உதவியாளர் ஒருவரும் இருப்பார். ஆக்சிஜன் இருக்கும். ஆட்டோவில் போகும்போது அப்பாவுக்கு நினைவு தப்பினால் மகனால் ஒன்றும் செய்ய முடியாது, ஆம்புலன்ஸில் ஒருவர் நெஞ்சை அழுத்தத் தெரிந்தவர் இருக்கிறார். ஆட்டோவா ஆம்புலன்ஸா என்ற கேள்விக்கு இந்த ஒரு வித்தியாசமே போதுமான பதில்.

புறநகரில் வண்டி தாமதமாவதற்குப் பெரிய காரணங்களில் ஒன்று முகவரி. 'முதல் குறுக்குத் தெரு' என்ற பெயரில் ஒவ்வொரு நகரிலும் ஒரு தெரு இருக்கிறது. நகர் பெயர், மெயின் ரோடு பெயர், பக்கத்தில் உள்ள கோயில் அல்லது பள்ளி ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி கதவுக்குப் பின்னால் ஒட்டி வைப்பது நல்லது. வீட்டில் தனியாக இருக்கும் அம்மாவுக்குப் பதற்றத்தில் வீட்டு எண்கூட மறந்துவிடும். வண்டி வரும் நேரத்தில் ஒருவர் தெருமுனையில் நிற்க வேண்டும்.

எங்கே கொண்டு போவது என்பதை ஏறியவுடன் உதவியாளரிடம் பேசிவிட வேண்டும். சந்தேகம் மாரடைப்பு என்றால், கேத் லேப் இயங்கும் இடம் எது என்று அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். சாலை விபத்து என்றால் கணக்கு வேறு. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்த முதல் 48 மணி நேரச் சிகிச்சை, பட்டியலில் உள்ள அரசு மற்றும் தனியார் மருத்துவமனைகளில் உச்சவரம்புக்கு உட்பட்டு இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரர் என்று பார்ப்பதில்லை. ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் பைக்கில் போகிறவர் வீட்டில் இது தெரிந்திருக்க வேண்டும்.

'பெட் இல்லை' என்று சொல்லலாமா?

1992 ஜூலை 8. மேற்கு வங்கத்தில் மதுராப்பூர் ரயில் நிலையத்தில் ஹக்கிம் ஷேக் என்ற தொழிலாளி ரயிலில் இருந்து விழுந்து தலையில் பலத்த காயம் அடைந்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடங்கி, கொல்கத்தாவின் பெரிய அரசு மருத்துவமனைகள் வரை ஒவ்வொன்றாகக் கொண்டுபோனார்கள். ஒரு இடத்தில் வசதி இல்லை, ஒரு இடத்தில் படுக்கை இல்லை. கடைசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் பணம் கட்டிச் சிகிச்சை பெற்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் தீர்ப்பு வந்தது: அவசரச் சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது, அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையை மீறுவது. 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னார்கள். அதற்கு முன்பே, 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில், அரசோ தனியாரோ எந்த டாக்டரும் போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் முதலில் உயிரைக் காக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

சட்டம் இப்படி இருக்க, 'முதல்ல அட்வான்ஸ் கட்டிட்டு வாங்க' என்ற குரல் இன்னும் கேட்கத்தான் செய்கிறது. அந்த நேரத்தில் கவுன்ட்டரில் நின்று தீர்ப்பைப் பற்றி வாதாடுவது நடைமுறைக்கு உதவாது. கேட்க வேண்டியது வேறு. 'அனுப்புறதா இருந்தா அனுப்புங்க. ஆனா இசிஜி காப்பி குடுங்க, என்ன மருந்து எத்தனை மணிக்குக் குடுத்தீங்கன்னு எழுதிக் குடுங்க, போற இடத்துக்கு நீங்களே ஒரு போன் பண்ணுங்க.' இந்த மூன்றும் நோயாளியின் உரிமை மட்டுமல்ல, அடுத்த டாக்டருக்குத் தேவையான தகவலும் கூட. முதல் இடத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாயிற்றா இல்லையா என்று தெரியாமல் அடுத்த இடத்தில் எதுவும் செய்வது ஆபத்து.

இதில் குடும்ப டாக்டர் எங்கே வருகிறார்?

பலர் குடும்ப டாக்டரைக் காய்ச்சல், சளிக்கான ஆள் என்றும், எமர்ஜென்சியைப் பெரிய ஆஸ்பத்திரியின் வேலை என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பிரிவினைதான் தென்காசிக் குடும்பத்தைச் சிக்கவைத்தது. ராத்திரி 11 மணிக்கு எழுந்து வருகிற டாக்டர் இன்று அரிது, அதை எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆனால் அந்த 11 மணிக்கு என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மாதம் முன்பே ஒரு சாயங்காலத்தில் சொல்லி வைத்திருக்க முடிந்தவர் அவர் ஒருவர்தான்.

இங்கிலாந்துபோல ஒவ்வொருவரும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிவு செய்துகொள்ளும் முறை இங்கே கிடையாது. யாரையும் யாரும் பார்க்கலாம். அதனால் தேடும் வேலை நம்முடையது. ஒரு சின்ன உடல் பிரச்சினையோடு, அவசரமில்லாத நாளில், அப்பாவையும் அவருடைய பழைய சீட்டுகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்ப்பதுதான் சரியான தொடக்கம். பலகையில் எம்.பி.பி.எஸ். என்றும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் இணையதளத்தில் பெயரையோ எண்ணையோ சரிபார்க்கலாம். எம்.டி. பொது மருத்துவம், குடும்ப மருத்துவத்தில் டி.என்.பி. இருந்தால் நல்லதுதான். இல்லாவிட்டாலும் இருபது வருடமாக ஒரே தெருவில், ஒரே நேரத்தில் உட்காரும் எம்.பி.பி.எஸ். டாக்டரைக் குறைத்து மதிக்க வேண்டாம். பகலில் அரசு மருத்துவமனையில் வேலை பார்த்துவிட்டு சாயங்காலம் கிளினிக் வைத்திருப்பவர்கள் இங்கே நிறைய. தமிழ்நாட்டில் அதற்கு அனுமதி உண்டு. அவர்களுக்கு ராத்திரி எந்த அவசரப் பிரிவு எப்படி இயங்கும் என்று உள்ளிருந்தே தெரியும்.

காத்திருக்கும் கூட்டம் அளவுகோல் அல்ல. ஊசி போடுகிறாரா என்பது அளவுகோலே அல்ல. 'போன டாக்டர் ஊசி போட்டாரு, உடனே கேட்டுச்சு' என்று சொல்லும் உறவினர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். சாதாரண வைரல் காய்ச்சலுக்கு ஊசியோ ஆன்டிபயாடிக்கோ வேண்டாம் என்று சொல்லி, எந்த அறிகுறி வந்தால் திரும்ப வர வேண்டும் என்று குறிப்பாகச் சொல்கிறவர் நல்ல டாக்டர். சீட்டைப் பார்க்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு என்று எழுதியிருக்க வேண்டும். பழைய மாத்திரைகள் எல்லாவற்றையும் கேட்டு, ஒரே மருந்து இரண்டு பிராண்ட் பெயரில் ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். ஊர் மாறி வந்த சர்க்கரை நோயாளிகளிடம் இது அடிக்கடி நடக்கிற தப்பு.

போகும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. 'டாக்டர், அப்பாவுக்கு ராத்திரி நெஞ்சுவலின்னா நாங்க எங்க போகணும்?' இதற்கு வரும் பதிலில் பாதி விஷயம் தெரிந்துவிடும். 'எங்க வேணா போங்க, எல்லா இடத்துலயும் பார்ப்பாங்க' என்றால் அடுத்த டாக்டரைத் தேடலாம். 'உங்க தெருவுல இருந்து மேம்பாலம் வழியா இந்த இடத்துக்குப் போங்க, அங்க கேத் லேப் ராத்திரியும் ஓடுது. வாய் கோணுனாலோ ஒரு கை விழுந்தாலோ அந்த இடத்துக்குப் போங்க, அங்க சிடி ஸ்கேன் 24 மணி நேரமும் இருக்கு' என்று பெயர் சொல்லிப் பிரித்துச் சொன்னால், தேடல் முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கவாதத்துக்குக் கட்டி கரைக்கும் ஊசி போட அறிகுறி தொடங்கியதில் இருந்து நாலரை மணி நேரம்தான் கெடு, அதற்கும் முன்பு ஸ்கேன் எடுத்தாக வேண்டும். எனவே நெஞ்சுக்கும் மூளைக்கும் ஒரே இடம் சரிப்படாமலும் போகலாம்.

அப்படிப்பட்ட டாக்டர் அநேகமாக இன்னொன்றும் சொல்வார்: அப்பா நன்றாக இருக்கும்போதே ஒரு இசிஜி எடுத்து வைக்கச் சொல்வார். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ள பலருக்கு இசிஜியில் பழைய மாற்றங்கள் இருக்கும். ராத்திரியில் அதைப் புதிதாகப் பார்க்கும் டூட்டி டாக்டருக்கு இது இன்று வந்ததா, ஏற்கெனவே இருந்ததா என்று சொல்ல முடியாது. பழைய இசிஜியின் படம் மகன், மருமகள் இருவர் போனிலும் இருந்தால், அந்தக் குழப்பம் ஒரு நிமிடத்தில் தீரும். அதோடு மருந்துகளின் பெயர், அளவு, ஒவ்வாமை, கடைசியாக எடுத்த கிரியாட்டினின் அளவு ஆகியவை ஒரு பக்கத்தில் இருந்தால் போதும். கிரியாட்டினின் எதற்கு என்றால், ஸ்டென்ட் வைக்கும்போது செலுத்தும் சாய மருந்து சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது.

கட்டணம் தாங்காது என்பவர்களுக்கு நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 2023 ஜூனில் மாநிலம் முழுக்க ஒரே நாளில் 500 மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரை, மாலை 4 முதல் 8 வரை டாக்டர் இருக்கும்படி நேரம் வகுக்கப்பட்டது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த மாலை நேரம் வசதி. டாக்டர் மாற்றலாகிப் போய்விடுவார் என்பது அங்குள்ள குறை. அதனால்தான் அந்த ஒரு பக்கக் குறிப்பு கையில் இருக்க வேண்டும்.

இதை ஏன் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகத் துப்பறிய வேண்டும்?

எந்த மருத்துவமனையில் கேத் லேப் ராத்திரியும் இயங்குகிறது, எங்கே சிடி ஸ்கேன் 24 மணி நேரமும் உண்டு, எங்கே பிரசவ அவசரத்துக்கு ராத்திரி மயக்க மருந்து நிபுணர் இருப்பார் என்பதெல்லாம் ரகசியத் தகவல் அல்ல. மருத்துவமனைகளுக்குத் தெரியும், 108க்குத் தெரியும், சுகாதாரத் துறைக்கும் தெரிய வேண்டும். குடியிருப்பவர்களுக்கு மட்டும் தெரியாது. சிட்லபாக்கம் 2021 நவம்பரில் இருந்து தாம்பரம் மாநகராட்சியின் பகுதி. சொத்து வரி ரசீதை வீட்டுக்கு வீடு அனுப்ப முடிகிற ஒரு நிர்வாகம், வார்டு வாரியாக ஒரு பக்கத் தாள் அச்சடித்துத் தர முடியாதா? மாதத்துக்கு ஒருமுறை மாறினாலும் பரவாயில்லை, வார்டு அலுவலகப் பலகையில் ஒட்டலாம். '24 மணி நேர அவசரச் சிகிச்சை' என்று வாசலில் சிவப்பு விளக்குப் போடும் ஒவ்வொரு மருத்துவமனையும், ராத்திரியில் உள்ளே எந்த டாக்டர் இருப்பார், என்ன செய்ய முடியாது என்பதையும் அதே பலகையில் எழுதக் கட்டாயப்படுத்தலாம். பரோட்டா கடைகூட 'இன்று சால்னா இல்லை' என்று எழுதி வைக்கிறது.

அந்தத் தாள் வரும்வரை வழி ஒன்றுதான். தென்காசிக் குடும்பம் ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு, யாருக்கும் உடம்பு சரியில்லாத சூழல் இல்லாதபோதே, டாக்டர் சொன்ன மருத்துவமனைக்கு ஒரு முறை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துக்கொள்ளலாம். வரவேற்பில் இருப்பவரிடம் கேட்கலாம்: 'ராத்திரி நெஞ்சுவலின்னு வந்தா இசிஜி பார்க்க டாக்டர் உள்ளேயே இருப்பாரா? கேத் லேப் டீம் இங்கேயே இருப்பாங்களா, வீட்ல இருந்து வரணுமா? வர எவ்வளவு நேரம் ஆகும்?' இன்னொரு விஷயமும் அப்போது கண்ணில் படும். சில மருத்துவமனைகளில் ராத்திரி பத்து மணிக்குமேல் முன்வாசல் பூட்டியிருக்கும். அவசரப் பிரிவுக்கு வழி பக்கத்துச் சந்தில், பார்மஸியைத் தாண்டி, சரிவுப் பாதை வழியாக இருக்கும்.